ஓர் எண் தவறிய பாஸ்கா திரிகள்

ஊதி அணைத்த திரியிலிருந்து வெள்ளையாக ஒரு புகை எழும். அதன் வாசனையில் கொஞ்சம் கருகிய நூல், கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் கோயில். பிறந்தநாள் கேக்குக்கு மேல் அது எழும்போது எல்லோரும் கைதட்டுகிறார்கள். எனக்குப் பாபநாசத்துக்கு வெளியே, நடவு வயல்களுக்கு நடுவே, தகரக் கூரை போட்ட மெழுகுதிரித் தொழிற்சாலை நினைவுக்கு வந்துவிடுகிறது. அங்கே அடக்கவிலைக் கணக்கு எழுதினேன். வீணாய்ப் போனதெல்லாம் என் மேசைக்கு வரும், எங்கே எழுதுவது என்ற கேள்வியாக.

தரையில் சொட்டியது, அண்டாவில் ஒட்டியது, வெட்டிப்போட்ட நூல் முனை: இதெல்லாம் இயல்பான இழப்பு. இது இல்லாமல் திரி பிறக்காது. எனவே தேறிய திரிகள் தங்கள் விலையோடு இதையும் சுமக்கும். சுரண்டியெடுத்த கழிவு விற்ற காசை மட்டும் அதில் கழித்துக்கொள்வோம். அந்த அளவைத் தாண்டிப் போனது வேறு சாதி இழப்பு. அதைத் திரியின் விலையில் ஏற்றக் கூடாது.

ஈஸ்டர் நெருங்கிய சமயம். அந்த இரவில் கிறிஸ்தவக் கோயில்களில் ஏற்றும் ஆளுயரப் பாஸ்கா திரிகளில் சிவப்பு மெழுகால் சிலுவையும் அந்த ஆண்டின் எண்ணும் ஒட்ட வேண்டும். ஒட்டியவர் சோதனைக் காலத்தில் இருந்த ஒரு பெண். அவர் பிரிவின் தப்பால் கெட்டது அளவை மீறினால் வேலை நிரந்தரமாகாது, சோதனை நீளும். ஏற்கனவே ஒருமுறை நீண்டிருந்தது.

சிவப்பு மெழுகை வார்க்கும் பித்தளைத் தகட்டில் ஒவ்வோர் ஆண்டும் கடைசி எண்ணை மட்டும் கும்பகோணத்தில் மாற்றி வாங்குவோம். அந்த முறை தகடு பளபளவென்று திரும்பியது. மெருகு போட்டிருந்தார்கள், எண்ணை மாற்றவில்லை. வார்ப்புத் தகட்டில் எழுத்தெல்லாம் இடவலம் மாறியிருக்கும், சட்டென்று படிக்க வராது. சாமான் வாங்கி வைக்கும் முதலாளியம்மாவின் தம்பி, பளபளப்பைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்தப் பெண்ணோ சிலுவை கோணாமல் நிற்கிறதா என்பதை மட்டும் பார்த்து ஒட்டினார். சுற்று ஊர்க் கோயில்களுக்கும் சேர்த்து எடுத்துப்போக வந்த கோயில் ஊழியர், கோயில்பிள்ளை, முதல் திரியைச் சுற்றிவந்து கேட்டார்: "போன வருஷத்துதுங்களா? வெலை கொறைப்பீங்களா?"

எல்லாவற்றையும் சீவி, வெள்ளை மெழுகில் மறுபடி முக்கி, சரியான எண் ஒட்டினோம். சிலது சீவும்போதே வெடித்தது. வெடித்ததை உருக்கினால் சிவப்பு கலந்து இளஞ்சிவப்பு. இனி அது வெள்ளையாகாது. சாயம் கூட்டிக் கல்லறைத் திருநாள் திரியாக்கலாம். பாஸ்கா கணக்கில் அதற்குக் கழிவு மெழுகின் விலைதான் வரவு வைத்தேன். உயிர்த்தெழுதலுக்கு வாங்கியது கல்லறைக்குப் போனால் விலை இறங்கத்தானே வேண்டும்.

மறுவேலைக் கூலியும் வெடித்ததன் மிச்ச நஷ்டமும் எழுத இடமில்லாமல் நின்றன. கோயில் கேட்டு மாற்றியிருந்தால் கோயில் ஆர்டரில் ஏற்றலாம். கோயில் கேட்கவில்லை. முதலாளியம்மா ஒட்டுப் பிரிவில் எழுதச் சொன்னார். தப்பு தகட்டோடு உள்ளே வந்தது, ஒட்டும் இடத்தில் பிறக்கவில்லை என்றேன். அப்படியானால் எல்லாத் திரியின் விலையிலும் கொஞ்சம் கொஞ்சமாய்த் தடவிவிடலாமே என்றார். ஒரு பாட்டி கொளுத்தும் சின்னத் திரி நம் தகட்டுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். கடைசி இடம் ஒன்றுதான் மிச்சம்: அசாதாரண இழப்பு, நேரே லாப நஷ்டக் கணக்கு.

"காரணம்னு ஒண்ணு எழுதணுமே. என்ன எழுதுவீங்க?"

"வந்த தகட்டைச் சரிபார்க்கல."

"அது என் தம்பி."

"பேர் எழுதறதில்லைங்க. நிறுவனத்து இழப்பு."

"நிறுவனம்னா நான்தான சார்."

"ஆமாங்க."

ஒட்டுகிறவளுக்குக் கண் இல்லையா என்று கேட்டார். இருக்கிறது, அதனால்தான் ஒரு சிலுவையும் கோணவில்லை என்றேன். அதில் சிரிக்க ஒன்றுமில்லை, அவரும் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டார். இனிமேல் தகடு வந்தால் அந்தப் பெண்ணும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று தம்பிக்குச் சொல்லியனுப்பினார்.

சாயங்காலம் வாசலில் அந்தப் பெண் நின்றிருந்தார். சோற்றுத் தூக்கு கையில். கும்பகோணம் பஸ் தூரத்தில் தெரிந்தது. எதில் எழுதினீர்கள் என்று கேட்டார். உங்கள் பிரிவில் இல்லை, வேலையை நிரந்தரமாக்கும் ஆர்டர் டைப் ஆகிறது என்றேன். அவர் தூக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"வீட்டுல இப்ப சொல்லமாட்டேன் சார். தாளு கைக்கு வரட்டும்."