ஆறு எழுத்து, ஏழு எழுத்து

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வாடிக்கையாளர் தணிக்கை முடிந்து, சரிசெய்ய வேண்டியவை என்று நாற்பது சொச்சம் வேலைகளை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அவற்றை ஓர் எக்ஸெல் ஷீட்டில் போட்டு வைத்தோம். ஒரு வரிக்கு ஒரு வேலை. பக்கத்தில் பொறுப்பாளரின் மெயில், முடிக்க வேண்டிய தேதி, நிலை. வேலை முடிந்தால் நிலை என்ற கட்டத்தில் அவரவரே ‘Closed’ என்று அடிக்க வேண்டும். தேதி தாண்டியவர்களைத் துரத்திக்கொண்டு ஷெட் ஷெட்டாக அலைவது என் வேலை.

அலைச்சல் தாங்காமல்தான் பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றேன். ஆவடி குவார்ட்டர்ஸில் வீட்டிலிருந்தபடி வீடியோ பார்த்து, மூன்று வாரத்தில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிட்டேன். அறுபது வரிகூட இருக்காது. ஷீட்டைத் திறக்கும், ஒவ்வொரு வரியாகப் படிக்கும், தேதி கடந்திருந்து, நிலை ‘Closed’ இல்லை என்றால், ‘உங்கள் வேலை இத்தனை நாள் தாமதம்’ என்று பொறுப்பாளருக்கு மெயில் அனுப்பும். மூன்று நாளுக்கு மேல் தாமதமானால் மேனேஜருக்கும் நகல் போகும். தினமும் காலை ஒன்பது மணிக்குத் தானாக ஓடும்படி என் கம்ப்யூட்டரில் நேரம் குறித்து வைத்தேன். மேனேஜர் கூட்டத்தில் எழுந்து நின்று கைதட்டினார். “இனிமே யாரும் சாக்கு சொல்ல முடியாது. கம்ப்யூட்டர் பார்த்துக்கும்” என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

அளவுக்கருவி அறையில் ஓர் அக்கா இருந்தார். திருமுல்லைவாயில்காரர், இருபது வருட சர்வீஸ். ஷெட்டிலிருந்து வரும் வெர்னியர் அளவுகோல்களைச் சரிபார்த்து, ஸ்டிக்கர் ஒட்டி, அறிக்கையில் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. தணிக்கைப் பட்டியலில் அவருக்கு ஒரே ஒரு வரி: முப்பத்திரண்டு வெர்னியர்களையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே முடித்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஷீட்டிலும் அடித்துவிட்டார்.

கெடு முடிந்த மறுநாள் அவருக்கு மெயில் போனது. அடுத்த நாளும் போனது. அன்று மதியம் என் மேஜைக்கு வந்தார்.

“இன்னாம்மா, நான் அப்பவே முட்ச்சிட்டேன். முடியலன்னே வந்துகினு கீது. கொஞ்சம் பாரேன்.”

நான் வேறு எதையோ அடித்துக்கொண்டிருந்தேன். தலையைக்கூடத் திருப்பவில்லை.

“ஷீட்ல சரியா அப்டேட் பண்ணுங்கக்கா. பண்ணா தானா நின்னுடும்.”

“பண்ணிக்கீறேனே.”

“அப்ப வேலைல ஏதாவது பாக்கி இருக்கும். கம்ப்யூட்டர் சும்மா அனுப்பாதுக்கா.”

அந்தக் கடைசி வாக்கியம் எங்கிருந்து என் வாயில் வந்தது என்று இன்றும் தெரியவில்லை. என் ஸ்கிரிப்ட்டுக்கு வெர்னியரும் தெரியாது, வேலையும் தெரியாது. ஒரு கட்டத்தில் இருக்கும் ஒரு சொல்லை மட்டும்தான் அது பார்க்கும். எழுதிய எனக்கு அது நன்றாகவே தெரியும். அக்காவுக்குத் தெரியாது. அவர் “சரிம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை ஒரு கையெழுத்துக்காக அவர் அறைக்குப் போனேன். மேஜையில் மூன்று அறிக்கைகள் இருந்தன. அதே முப்பத்திரண்டு வெர்னியர்கள்; மூன்று வெவ்வேறு தேதிகள். கடைசித் தேதி ஞாயிற்றுக்கிழமை.

“ஞாயித்துக்கிழமை எதுக்குக்கா வந்தீங்க?”

“மெயில் வந்துச்சேம்மா. மேனேஜருக்கும் போட்டுக்கீது. வெள்ளிக்கிழமை ஒருக்கா மொத்தத்தையும் திருப்பிப் பாத்தேன். அதுவும் ஒத்துக்கல போல.” கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார். “நேத்து திருவேற்காட்ல தங்கச்சி பொண்ணுக்கு வளைகாப்பு. வளையல் போட்டுகினு இருக்கும்போது போன்ல மெயில் சத்தம். மனசே கேக்கல. சாப்பாட்டுக்குக்கூட நிக்காம ஷேர் ஆட்டோ புட்ச்சி வந்துட்டேன். தங்கச்சிக்குக் கோவம். நேத்து பண்ணத இன்னிக்கு மெயில் வந்தப்புறம்தான் ஷீட்ல அட்ச்சேன்.”

ஞாயிறு என்று ஒன்று இருப்பதே எனக்கு நினைவிருக்கவில்லை. ‘தினமும்’ என்று குறித்தேன். அது தினமும் அனுப்பியது.

ஓடி வந்து ஷீட்டைத் திறந்தேன். அவர் வரியில் ‘Closed’ என்றே இருந்தது. மற்றவர்கள் அடித்ததற்கும் அதற்கும் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. அந்தக் கட்டத்தில் எத்தனை எழுத்து இருக்கிறது என்று ஸ்கிரிப்ட்டை விட்டு எண்ணச் சொன்னேன். ஏழு என்றது. ஆறுதான் இருக்க வேண்டும். சொல்லை அடித்ததும் பழக்கத்தில் ஒரு இடைவெளியைத் தட்டியிருக்கிறார். மனிதக் கண்ணுக்கு அது ஒன்றுமேயில்லை. என் ஸ்கிரிப்ட்டுக்கு அது வேறு சொல். மூன்று முறை அடித்தபோதும் மூன்று முறையும் அதே இடைவெளி. இரண்டு பக்கமும் இருக்கும் வெற்றிடத்தை வெட்டிவிட்டு ஒப்பிடும்படி ஒரு வரியை மாற்றினேன். ஞாயிறை விட்டுவிடும்படி அட்டவணையையும் மாற்றினேன். மொத்தம் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

உடனே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கைதட்டிய மேனேஜர் முகம்தான் முன்னால் வந்து நின்றது.

செவ்வாய்க்கிழமை மெயில் போகவில்லை. கேன்டீன் வரிசையில் அக்கா என் தோளைத் தட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

“இன்னிக்கு வரலம்மா. மூணாவது வாட்டி பண்ணது ஒத்துக்கிச்சு போல.”

“ஆமாக்கா” என்றேன்.

பொய் சொன்னோம் என்பதைவிட, அவர் அதை அவ்வளவு சந்தோஷமாக நம்பியதுதான் அதிகம் உறுத்தியது. அந்த வாரக் கூட்டத்தில் தாமதப் பட்டியலை வாசித்தபோது அவர் பெயரும் வந்தது. “இவ்ளோ சீனியரா இருந்துகிட்டு நீங்களேவா?” என்றார் மேனேஜர். அக்கா எழுந்து, “இனிமே கரெக்டா பண்றேன் சார்” என்று சொல்லி உட்கார்ந்தார். நான் நோட்டில் எதையோ எழுதுவதுபோல் குனிந்துகொண்டேன்.

பத்து நாள் அப்படியே ஓட்டினேன். அளவுக்கருவி அறை வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போவேன். பதினோராம் நாள் தாங்க முடியாமல் அவர் முன்னால் போய் நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். ஷீட், இடைவெளி, ஞாயிறு, கேன்டீனில் சொன்ன பொய், எல்லாம்.

அக்கா கையிலிருந்த வெர்னியரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

“அப்ப மொத வாட்டி பண்ணதே கரெக்டாதான் கீதா?”

“ஆமாக்கா.”

“நான் பயந்துட்டேம்மா. கண்ணு மங்கிப்போச்சோ, அளவு தப்பா படிக்கிறனோன்னு. ஊட்ல சொல்லாம கண்ணு டாக்டர்கிட்ட வேற போய்ட்டு வந்தேன்.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதிருப்பேன். பெட்டியை மூடிவிட்டு, “கூட்டத்துல நீ வாயத் தொறந்திருக்கலாம்” என்று மட்டும் சொன்னார்.

மேனேஜரிடம் போனேன். “ஸ்கிரிப்ட்ல சின்ன பக் தானே, விடும்மா” என்று சிரித்தார். நான் விடவில்லை. தாமதப் பட்டியல் போனவர்கள் எல்லோருக்கும் நானே மெயில் எழுதினேன்: அந்த வேலை கெடுவுக்கு முன்பே முடிந்திருந்தது, தவறு என் ஸ்கிரிப்ட்டில், அவர் மேல் ஒன்றுமில்லை என்று. அடுத்த கூட்டத்தில் அதை எழுந்து நின்று வாசித்தேன். யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. அக்கா மட்டும் மேஜையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

ஸ்கிரிப்ட் இன்றும் ஓடுகிறது. மெயிலின் அடியில் என் பெயரும் இன்டர்காம் எண்ணும் இருக்கின்றன. தவறாக வந்திருந்தால் அழையுங்கள் என்று எழுதியிருக்கிறேன். அப்படி அழைப்பவர்கள் குறைவு. அக்கா மட்டும் ஒரு வேலையை முடித்து ஷீட்டில் அடித்ததுமே, மெயில் வரும்வரை காத்திராமல், என்னைக் கூப்பிடுவார்.

“அட்ச்சிட்டேம்மா. ஒரு வாட்டி கண்ணால பாத்துடு.”

ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. ஷீட்டைத் திறந்து, அவர் வரியைத் தேடி, பார்த்துவிட்டு, “சரியா இருக்குக்கா” என்கிறேன்.