கொய்யா மரத்திலிருந்து பருந்து வரை

நான் கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கோபக்காரி என்று பெயர் எடுத்தவள். அந்தப் பெயரை மறுத்ததும் இல்லை, ஒருவிதத்தில் அதை ரசித்துக்கொண்டே இருந்தேன். பிள்ளைகள் என் காலடிச் சத்தம் கேட்டாலே புத்தகத்தைத் திறந்துவிடுவார்கள். இதை எழுதும்போது அதைப் பெருமையாகச் சொல்ல வாய் வரவில்லை.

பத்தாம் வகுப்பில் உணவு வலையும் சக்திக் கூம்பகமும் வரும். அதற்கு நானே தயாரித்த ஒரு பயிற்சித்தாள் இருந்தது. கொய்யா மரம், அதன் இலையைத் தின்னும் வெட்டுக்கிளி, வெட்டுக்கிளியைத் தின்னும் மைனா, மைனாவைத் தின்னும் பருந்து. பக்கத்தில் நான்கு படிகளுள்ள கூம்பகம். ஒவ்வொரு படியிலும் உள்ள சக்தியில் ஏறக்குறைய பத்திலொரு பங்குதான் அடுத்த படிக்குப் போகும். மிச்சம் சுவாசத்திலும் அசைவிலும் வெப்பமாக வெளியேறும், கழிவாகப் போகும், உண்ணப்படாமலே கிடந்து உக்கும். மரத்தில் பத்தாயிரம் கிலோயூல் இருந்தால் வெட்டுக்கிளிக்கு ஆயிரம், மைனாவுக்கு நூறு, பருந்துக்குப் பத்து. "பருந்தைச் சென்றடையும் சக்தி எவ்வளவு?" என்பது கடைசிக் கேள்வி. விடை பத்து. வருடக்கணக்காக அதேதான் விடை.

ஒருமுறை வகுப்பைப் பார்க்க வந்த ஆசிரிய ஆலோசகர் தாளைக் கையில் எடுத்து, "இது சங்கிலி மிஸ், வலை இல்லையே" என்றார். எனக்கு முகம் சுண்டிப்போனது. அன்றே பேனையால் மூன்று அம்புகளைக் கீறினேன். கொய்யாவிலிருந்து நேரே மைனாவுக்கு ஒன்று, கொய்யாவிலிருந்து புதிதாக வரைந்த ஓர் அணிலுக்கு ஒன்று, அணிலிலிருந்து பருந்துக்கு ஒன்று. தாளை மறுபடி போட்டோகொப்பி அடித்தேன். கேள்விகளையும் புள்ளித்திட்டத்தையும் தொடவேயில்லை. எங்கள் வேலை அப்படித்தான் நடக்கும், பழைய தாளில் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டே ஓய்வுபெறும் வயது வந்துவிடும்.

போன வருடம் அந்தத் தாளுக்குக் கொஞ்சம் மரியாதை கூடியது. மற்றப் பாடசாலைகளோடு நடக்கும் விஞ்ஞான வினாடிவினாவுக்கு வகுப்புக்கு ஒரு பிள்ளையை அனுப்பவேண்டும், அந்தத் தாளின் புள்ளியை வைத்தே தெரிவுசெய்வது என்று முடிவெடுத்தோம். பத்தாம் வகுப்பின் மூன்று பிரிவுகளையும் நாங்கள் மூன்று டீச்சர்மார் படிப்பித்தோம், எல்லாவற்றுக்கும் என் புள்ளித்திட்டம்தான்.

என் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். தகப்பன் துறைமுகத்தில் வேலை. வாய் திறக்கமாட்டாள், ஆனால் கண் எப்போதும் கரும்பலகையில் இருக்கும். அந்த அணியில் சேர அவளுக்குக் கொள்ளை ஆசை. வினாடிவினாவுக்கென்று தனியாக ஒரு கொப்பி வைத்து, பழைய கேள்விகளை எழுதிப் படித்துக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். கடைசிக் கேள்விக்கு அவள் ஒற்றை எண்ணோடு நிறுத்தவில்லை, அரைப் பக்கம் எழுதியிருந்தாள். வெட்டுக்கிளி, மைனா வழியாக என்றால் பத்து. மைனா நேரே பழம் தின்றால் மைனாவுக்கு ஆயிரம், பருந்துக்கு நூறு. அணில் வழியாகவும் நூறு. எந்த வழியால் எவ்வளவு போகிறது என்று தெரியாமல் ஒரே எண் சொல்ல முடியாது, பத்துக்கும் நூறுக்கும் இடையில் இருக்கும்.

நான் கடகடவென்று திருத்திக்கொண்டு போன கையோடு குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். "கேள்வியை ஒழுங்காக வாசிக்கவும்" என்றும் எழுதிவைத்தேன்.

தாள்களைக் கொடுத்தபோது அவள் எழுந்து நின்றாள். அவளாக எழுந்து நின்றது அதுதான் முதல்தடவை.

"டீச்சர், மைனா கொய்யாப்பழமும் சாப்பிடும்தானே?"

"பிள்ளை, கேட்டதுக்கு மட்டும் விடை எழுதப் பழகும். சோதனைத்தாளிலை கதை எழுதுறேல்லை. பெரிய விஞ்ஞானி எண்டு நினைப்போ?"

வகுப்பு சிரித்தது. சிரிக்கவேண்டும் என்றுதான் சொன்னேன். அவள் உட்கார்ந்தாள். இரண்டு புள்ளி வித்தியாசத்தில் வேறொரு பிள்ளை அணிக்குப் போனாள். அந்தக் கேள்விக்கு மூன்று புள்ளி.

அன்று பின்னேரம் புறக்கோட்டையில் பஸ் மாறி, வெள்ளவத்தை வீட்டுக்கு வர ஜன்னலோர இருக்கை கிடைத்தது. பையைத் துழாவும்போது மிஞ்சிய தாள் ஒன்று கையில் வந்தது. சும்மா பார்த்தேன். என் கையால் கீறிய மூன்று அம்புகளும் அச்செழுத்துகளுக்குப் பக்கத்தில் கொஞ்சம் கோணலாகத் தெரிந்தன. அவள் சரி. நான்தான் பிழை, அதுவும் வருடக்கணக்காக.

திங்கட்கிழமை சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் அதிபர் அணியின் பெயர்களை வாசித்தார், பிள்ளைகள் கைதட்டினார்கள். இனிச் சொன்னால் மூன்று வகுப்புத் தாள்களையும் திரும்பத் திருத்தவேண்டும், மற்ற இரண்டு டீச்சர்மாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள் என்று எண்ணினேன். அடுத்த கிழமை பார்ப்போம் என்றேன். அந்தக் கிழமையும் போனது. உண்மையைச் சொன்னால், வெட்கம்தான். வேறு காரணம் எல்லாம் நான் எனக்குச் சொன்ன சாட்டு.

ஆனால் மனம் சும்மா இருக்கவில்லை. களவாக ஒரு பரிகாரம் செய்ய நினைத்தேன். தவணைப் பரீட்சைத்தாள் தயாரிப்பது என் பொறுப்பு. அதில் ஒரு களப்பின் உணவு வலையைப் போட்டேன். பாசி, இறால், மீன், கொக்கு. கொக்கு மீனையும் தின்னும், இறாலையும் தின்னும். பாசியில் ஐம்பதாயிரம் கிலோயூல். "கொக்கைச் சென்றடையும் சக்தி எவ்வளவு? உமது விடையை விளக்குக." மீன் வழியாக ஐம்பது, இறாலிலிருந்து நேரே ஐந்நூறு, ஆகவே ஒரே எண் சொல்ல முடியாது என்று எழுதினால்தான் முழுப்புள்ளி. அவளுக்காகவே வைத்த கேள்வி. அவள் வெளுத்துக்கட்டுவாள், என் பாரமும் இறங்கும், யாரிடமும் வாய் திறக்கவும் தேவையில்லை.

அவளுடைய தாளைத் தேடி எடுத்து முதலில் திருத்தினேன்.

"50 கிலோயூல். ஒவ்வொரு போசணை மட்டத்திலும் 10% சக்தியே அடுத்ததற்குச் செல்லும்." அவ்வளவுதான். தாளைச் சரித்துப் பார்த்தேன். ஓரத்தில் பென்சிலால் 500 என்று எழுதி, இறப்பரால் அழித்த தடம் இருந்தது.

சிவப்புப் பேனையை வைத்துவிட்டேன். பிறகு எடுத்து, என் புள்ளித்திட்டத்தின்படியே நான்கில் ஒன்று போட்டேன். வேறென்ன போடுவது?

அடுத்த நாள் இடைவேளையில் அவளை ஆய்வுகூடத்துக்குக் கூப்பிட்டேன். வேறு யாரும் இல்லை.

"அந்தக் கொய்யா மரத் தாளிலை நீர் எழுதினதுதான் சரி. நான்தான் பிழை விட்டனான்" என்றேன்.

"தெரியும் டீச்சர்" என்றாள். அமைதியாகத்தான் சொன்னாள்.

"அப்ப ஏன் இந்தச் சோதனையிலை ஐந்நூறை அழிச்சனீர்?"

"நீங்கதானே டீச்சர் கேட்டதுக்கு மட்டும் எழுதச் சொன்னீங்க. உங்களுக்கு ஒரே நம்பர்தானே விருப்பம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னை மன்னிச்சுக்கொள்ளும்" என்றேன். நாற்பது பேருக்கு முன்னால் மானத்தை வாங்கிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அது அவளுக்கும் விளங்கியிருக்கவேண்டும்.

"இத கிளாஸ்லயும் சொல்லுவீங்களா டீச்சர்?"

நான் உடனே ஓம் என்று சொல்லியிருக்கவேண்டும். மற்ற டீச்சர்மார், அதிபர், எல்லார் முகமும் ஒரு கணம் வந்துபோனது. அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"பரவாயில்ல டீச்சர், சொல்லத் தேவையில்ல" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. பதினைந்து வயதுப் பிள்ளை என்னைத் தப்பவிட்டாள், நானும் தப்பிக்கொண்டேன்.