செங்கமலம் சொன்னதில் பாதி

அமலராணி மேம் நடத்தினால் கல்லுக்கும் புரியும் என்று அந்தக் கல்லூரியில் ஒரு பேச்சு உண்டு. புதுக்கோட்டையில் ஆங்கிலத் துறையில் கௌரவ விரிவுரையாளர். கௌரவமெல்லாம் பெயரில்தான். ஆவூரிலிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, நிரந்தர ஆசிரியர்கள் தொடப் பயப்படும் தாள்களை எடுத்துத் தலையில் போட்டுக்கொள்வார். அவருக்கு வாய்த்த ஒரே பெருமை, கடினமானதை எளிதாகச் சொல்வது. அந்தப் பெருமை கொஞ்சம் அதிகமாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பின்காலனிய இலக்கியக் கோட்பாடு ஒரு தாள். அதில் ஒரு பத்தி இருக்கிறது. படிக்க ஆரம்பித்தால் மூச்சு முட்டும். வாக்கியம் முடிவதற்குள் தொடங்கியது மறந்துவிடும். அந்தப் பத்தியை விரித்து வைத்துக்கொண்டுதான் பொற்கொடி ஒரு வெள்ளிக்கிழமை நூலகத்தில் உட்கார்ந்திருந்தாள். ஜெகதாப்பட்டினத்துப் பெண். அவள் அப்பா போன விசைப்படகை அக்கரைக் கடற்படைக்காரர்கள் நடுக்கடலில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அக்கரைச் சிறையில் இருந்தார்.

"டி.சி. வாங்கத்தான் வந்தேன் மேம். அம்மா தனியா கெடக்கு. இந்தப் பத்தியக்கூட என்னால படிக்க முடியல. எனக்கு எதுக்குப் படிப்பு?"

 இந்தப் பிள்ளையை விட்டுவிடக் கூடாது என்று அமலராணி அந்த நிமிடமே முடிவு செய்தார்.

"டி.சி.யை அப்புறம் பாக்கலாம். மொதல்ல இதைக் கேளு. இந்தப் பத்தி ஒண்ணே ஒண்ணத்தான் கேக்குது. அதிகாரம் இல்லாத ஒருத்தரோட பேச்சு அடுத்தவங்க காதுக்கு எப்படி வந்து சேருது? வெள்ளைக்காரன், இவங்களை நான் காப்பாத்துறேன்னான். அவனை எதிர்த்த நம்ம பெரிய மனுசங்க, இவங்களுக்காக நாங்க பேசுறோம்னாங்க. ரெண்டு பேரும் அந்த சனங்களப் பத்தித்தான் பேசுனாங்க. ஆனா அந்த சனங்க சொன்னது ரெண்டுலயும் அடங்கல."

"அப்ப அவங்களுக்குப் பேசத் தெரியாதுங்கறாங்களா மேம்?"

"இல்லடா. நல்லாப் பேசுறாங்க. கேக்குறவங்க கையில ஏற்கெனவே ரெண்டு பெட்டி இருக்கு. அதுக்குள்ள போறத வச்சுக்கிட்டு, மிச்சத்தத் தூக்கிப் போட்டுடுறாங்க. வாயத் தெறந்தா மட்டும் பேச்சு ஆயிடாது. கேட்டவங்க அதுக்குப் பதில் சொல்லணும். அப்பத்தான் அது பேச்சு."

"பிரதிநிதித்துவம்னு திரும்பத் திரும்ப வருதே?"

"ஒருத்தருக்காக வக்கீல் மாதிரி நிக்கிறது ஒரு வேலை. அவரு இப்படித்தான்னு படம் வரைஞ்சு காட்டுறது வேற வேலை. படிச்சவங்க ரெண்டையும் சேத்துச் செஞ்சிட்டு, நாங்க ஒண்ணும் செய்யல, அவங்களே பேசுறாங்கன்னு ஒதுங்கி நிப்பாங்க. வரைஞ்ச கைய மறைச்சிடுவாங்க. அந்தக் கையக் காட்டுங்கிறதுதான் இந்தப் பத்தி."

பொற்கொடி புத்தகத்தை மூடி வைத்தாள். பிறகு தன் அம்மா செங்கமலத்தைப் பற்றிச் சொன்னாள். படகைப் பிடித்துப்போன மறுநாள் துறைமுகத்துக்கு டி.வி.காரர்கள் வந்திருக்கிறார்கள். அம்மா மைக்கைப் பிடித்து நிதானமாகப் பேசியிருக்கிறாள். இன்ஜின் கெட்டுக் கிடந்தது, கடலுக்குப் போகும் முன்பே தன் புருஷன் படகு முதலாளியிடம் சொன்னார், முதலாளி காதில் போட்டுக்கொள்ளவில்லை, இன்ஜின் நின்றுதான் படகை நீரோட்டம் எல்லைக்கு அங்கிட்டு இழுத்துக்கொண்டு போனது, முதலாளியை யாரும் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று. கடைசியில்தான் குரல் உடைந்து, என் புருஷனை மீட்டுத் தாங்க என்று அழுதிருக்கிறாள். ராத்திரி செய்தியில் அந்த அழுகை மட்டும் வந்தது. ஒரு சேனல் எல்லை தாண்டினார்கள் என்றது. இன்னொன்று மீனவர் கண்ணீர் என்றது.

"ரெண்டு பெட்டி மேம்," என்றாள் பொற்கொடி. "எங்கம்மாவப் பத்தித்தான் எழுதியிருக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "திங்கக்கெழமை கிளாசுக்கு வாரேன்."

டி.சி. பேச்சு அதோடு போயிற்று. அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காததுகூட அமலராணிக்குத் தெரியவில்லை. ஒரு பிள்ளையைப் பிடித்து நிறுத்திவிட்டோம் என்ற சந்தோஷம். கையில் அருமையான ஓர் எடுத்துக்காட்டு கிடைத்திருக்கிறது என்ற சந்தோஷமும் அதற்குள் கலந்திருந்தது. எது எவ்வளவு என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் பத்தியை எடுத்தார். பெட்டிகளைச் சொன்னார், வக்கீலையும் படத்தையும் சொன்னார். கடைசி பெஞ்சு முகங்களில் புரியாமையின் மப்பு இன்னும் விலகவில்லை. வாய் தானாக ஆரம்பித்துவிட்டது. "நம்ம கடற்கரையில ஒரு அம்மா. புருஷனப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க. மைக் முன்னாடி நின்னு கதறுறாங்க. அந்தக் கதறல் யாருக்கும் கேக்கல." பெயர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. வகுப்பே பொற்கொடி இருந்த மூன்றாவது பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. இன்ஜினையும் முதலாளியையும் அவர் விட்டுவிட்டார். அதையெல்லாம் சொன்னால் கதை சிக்கலாகும், பிள்ளைகள் குழம்புவார்கள் என்று தோன்றியது. பாடம் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒருத்தி அழவே செய்தாள். எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

மணி அடித்ததும் பொற்கொடி மேசை அருகே வந்தாள். கோபம் இருந்திருந்தால் தேவலை. முகத்தில் ஒன்றுமே இல்லை.

"எங்கம்மா கதறல மேம். கேள்வி கேட்டுச்சு. நீங்களும் அத வெட்டிட்டீங்க."

"பொற்கொடி, நான் எதுக்குச் சொன்னேன்னா..."

"புரியுது மேம். பத்தி நல்லாப் புரிஞ்சிருச்சு. போறேன்."

மறுநாள் அவள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. போன் எடுக்கவில்லை. ஒரு புதன்கிழமை அலுவலகத்தில் கேட்டபோது, டி.சி. வாங்கிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பஸ் ஸ்டாண்டில் நின்று அமலராணி அழுதார். வேடிக்கை பார்த்தவர்களைப் பற்றிக் கவலைப்படவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குப் போகாமல் ஜெகதாப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினார். ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் வீடு. பொற்கொடி இறால் உரிக்கும் வேலைக்குப் போயிருந்தாள். செங்கமலம் வாசலில் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சர். உக்காருங்க. பாப்பா ஒங்களப் பத்தி நெறையாச் சொல்லியிருக்கு."

என்னென்ன சொன்னாள் என்று கேட்க அமலராணிக்குத் தைரியம் வரவில்லை. வரும் வழியெல்லாம் மன்னிப்பைச் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தார், அழகாகவே வந்திருந்தது. இப்போது அதை அப்படியே விட்டுவிட்டார்.

"அக்கா, அன்னைக்கு டி.வி.காரங்ககிட்ட நீங்க சொன்னத முழுசாச் சொல்றீங்களா? நான் நடுவுல பேசமாட்டேன்."

செங்கமலம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சொன்னார். இன்ஜினில் எந்தக் குழாய் ஒழுகியது, புருஷன் எந்தக் கிழமை முதலாளி வீட்டு வாசலில் நின்றார், முதலாளி என்ன பதில் சொன்னார், கரையில் யார் யார் பார்த்தார்கள், எல்லாம். பொற்கொடி சொல்லாததும் அதில் நிறைய இருந்தது. அழவில்லை.

சொல்லி முடித்துவிட்டுச் செங்கமலம் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"கேட்டீங்கள்ல?"

"கேட்டேன்க்கா."

"சரி. அப்ப மொதலாளிய யாரு கேக்குறது? நீங்க படிச்சவுக. நீங்க சொல்லுங்க."

கேட்டவர்கள் பதில் சொன்னால்தான் அது பேச்சு என்று நூலகத்தில் தானே சொல்லிக்கொடுத்தது அமலராணிக்கு நினைவு வந்தது. கல்லுக்கும் புரிய வைக்கிற வாய் அது. செங்கமலம் காத்துக்கொண்டிருந்தார். வாசலில் வெயில் ஏறியது, கருவாட்டில் ஈ மொய்த்தது, அவர் கையில் விசிறியை எடுத்து ஓட்டிக்கொண்டே காத்துக்கொண்டிருந்தார். அமலராணி தலை நிமிரவில்லை.

"டீ போடுறேன், குடிச்சிட்டுப் போங்க," என்று செங்கமலம் எழுந்து உள்ளே போனார்.