ஒலிப்பதிவில் இல்லாத வரி

இரண்டாயிரங்களின் பிற்பகுதியில், புனேயில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் நிறுவனருக்காக அவர் பெயரில் வலைப்பதிவு எழுதிக்கொண்டிருந்தேன். அவருக்கு நேரமே கிடையாது. வாரம் ஒருமுறை, ஔந்தில் அவர் வீட்டிலிருந்து ஹிஞ்சேவாடி அலுவலகம் வரையிலான கார்ப் பயணமே எங்கள் பேட்டி. ஐந்து கேள்விகள், மடியில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கருவி. அவர் கோவைத் தமிழில் பேசுவார். நான் ஆங்கிலத்தில் எழுதுவேன். சின்னச் சின்ன வாக்கியங்கள், பேச்சின் நடுவே தன்னையே திருத்திக்கொள்ளும் பழக்கம், எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவருவேன். ஒலிப்பதிவில் இல்லாத கருத்தைச் சேர்ப்பதில்லை என்பது நானே வகுத்துக்கொண்ட விதி.

அந்த வாரம் எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஒப்பந்தத்தை ரத்துசெய்திருந்தார். அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைத் தோழிக்கு வேறொரு நிறுவனம் வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. வெள்ளி மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். புனேயின் போபோடிப் பகுதியிலேயே வளர்ந்த தமிழ்ப் பெண், வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். "அரே, சார் என்ன எழுதறார்னு பார்த்துட்டுத்தான் முடிவு" என்றாள். "எழுதப்போறது நீதான். ஆனா வாய் அவரோடதுதானே?"

காரில் கேட்டேன்: "யாருக்கும் வேலை போகாதுன்னு எழுதலாமா, சார்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வண்டிகள் நெரிசலில் நின்றிருந்தன. கருவியின் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"போன வருசம் ஒண்ணு சொன்னேனுங்களே, அதையே போட்டுக்கங்க. என்ற பேச்சு உங்களுக்குத் தெரியாததுங்களா?"

பழைய ஒலிப்பதிவில் அது இருந்தது: 'நான் இருக்கற வரைக்கும் ஒருத்தரையும் அனுப்ப மாட்டேனுங்க.' அதை ஆங்கில வரைவில் வைத்துப் பார்த்தேன். அச்சு அசல் அவர் குரல். அதுவே என்னை அச்சுறுத்தியது. அந்தக் குரல் அவருடையது. அந்த வாரத்து மௌனமும் அவருடையதுதான். அந்த வரியை நம்பி ஒருத்தி பக்கத்து இருக்கையில் காத்திருந்தாள்.

வரியை நீக்கிவிட்டு அவருக்கு வரைவை அனுப்பினேன்: 'போன வருடம் சொன்னதை இன்று ஒருமுறை சொல்லுங்கள், சேர்த்துவிடுகிறேன்.'

பதில் உடனே வந்தது: 'அது இல்லாமயே போட்டுருங்க.'

வெள்ளி மதியம் பதிவு வெளியானது. தோழி அதை இரண்டு முறை படித்தாள்.

"நான் தேடினது இதுல இல்லையே. வெட்டிட்டியா?"

"பேட்டில அவர் சொல்லல."

"நீ கேட்டியா?"

"கேட்டேன்."

 அவள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போனாள். திரும்பி வந்து தன் மேசை இழுப்பறையைக் காலிசெய்யத் தொடங்கினாள்.

திங்கட்கிழமை கூட்ட அறையின் கண்ணாடிச் சுவரெங்கும் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. ஒவ்வொருவராக உள்ளே அழைத்து வேலைநீக்கக் கடிதம் கொடுத்தார்கள். மறுநாள் காலை, அந்த வாரப் பேட்டிக்காக ஔந்தில் அவர் வீட்டு வாசலில் காத்திருந்தேன். கார் வெளியே வரவில்லை.