துள்ளாத கால்

பொள்ளாச்சியில் நான் பிசியோதெரபி செய்யும் கிளினிக்குக்கு ஒரு தேங்காய் வியாபாரி வந்துகொண்டிருந்தார். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு அவர் தொடைத் தசை சூம்பிப்போயிருந்தது. முட்டிக்கு அடியில் தலையணை வைத்து, தொடையில் கரண்ட் பட்டைகளை ஒட்டினால், தொடையைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்.

ஒருநாள், தசை எந்த இடத்தில் நன்றாகப் பிடிக்கிறது என்று பார்க்க, முதலில் கரண்ட்டை நொடிக்கு இரண்டு துடிப்பாக வைத்தேன். ஒவ்வொரு துடிப்புக்கும் தசை ஒருமுறை வெட்டிவிட்டு முழுதாகத் தளர்ந்தது. குதிகால் மெத்தையிலேயே கிடந்தது.

“வேலை செய்யுதுங்க,” என்றார்.

பத்துக்கு ஏற்றினேன். முதல் இழுப்பு தளர்வதற்குள் அடுத்தது அதன்மேல் ஏறிக்கொள்ள, தொடை படபடவென்று நடுங்கியது.

“இப்பத்தானுங்க ஜோரா இருக்குது. இதையே வெச்சுப்போடுங்க.”

கரண்ட்டின் அளவைத் தொடவில்லை. துடிப்பை மட்டும் நாற்பதாக்கினேன். தளர நேரமே இல்லாமல் இழுப்புகள் ஒன்றாகிவிட்டன. நடுக்கம் அடியோடு நின்றது.

“ஏனுங்க அம்மணி, கரண்ட்டு கொறஞ்சுபோச்சுங்களே. ஏத்துங்க.”

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. துள்ளினால்தான் வைத்தியம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே நினைப்பு. எத்தனை பேருக்குத்தான் விளக்குவது? நான் வாயைத் திறப்பதற்குள், கால்மாட்டில் நின்றிருந்த அவர் மனைவி சொல்லிவிட்டார்:

“தொடையையே பாத்துட்டு இருக்கறீங்களே. குதிகால் மெத்தையில இல்லீங்க.”