காவேரி பெயரில் ஒரு வரி

மணிமேகலை ஒரு வகுப்பறையில் உள்ள அத்தனை பேரையும் அறிவாள், ஒருவரையும் பார்த்ததில்லை. மூக்கடைப்போடு பேசுபவன் சந்தோஷ். கேள்வி கேட்பதற்கு முன் பேனாவைத் தட்டுபவள் சௌமியா. கடைசி பெஞ்சிலிருந்து தெலுங்கில் முணுமுணுத்துவிட்டுத் தமிழில் நல்லபிள்ளையாகப் பதில் சொல்பவன் ஹரீஷ்குமார். அவன் முணுமுணுப்பதை, தெலுங்கு தெரிந்த மணிமேகலை அப்படியே எழுதினால் அவனுக்கு டி.சி. கிழிந்துவிடும். எழுதியும் இருக்கிறாள், இரண்டு மூன்று தடவை. அவளுக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம்.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து புருஷன் பரமசிவத்தோடு ஓசூர் வந்தவள். அவருக்கு வார்ப்படத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அவளும் ஒரு கம்பெனியில் நின்றுகொண்டே ஒயர் கோத்தாள், கழுத்து பிடித்துக்கொள்ளும்வரை. அப்புறம் வீட்டிலிருந்தே டைப் அடிக்கிற வேலை. அது போய்ச் சேர்ந்த இடம்தான் இந்தப் பாலிடெக்னிக். அங்கே எலக்ட்ரிகல் படிக்கும் காவேரிக்குக் காது கேட்காது. காட்டோர ஜவளகிரிப் பெண், சின்ன வயதில் வந்த காய்ச்சலில் காது போனது. வாத்தியார் முகத்தைப் பார்த்துப் பேசினால் உதட்டைப் படித்துக்கொள்வாள். அவர் போர்டு பக்கம் திரும்பினால் அத்தோடு சரி. அதனால் தன் போனில் வகுப்பைப் பதிவு செய்து, போர்டையும் படம் எடுத்து மணிமேகலைக்கு அனுப்பிவிடுவாள். இவள் கேட்டு எழுதி அனுப்ப வேண்டும்.

எழுதித் தரும் மென்பொருள் இருக்கிறதே என்று கேட்பவர்கள் ஓசூர் வகுப்பறையைக் கேட்டதில்லை. தமிழ், இங்கிலீஷ், கன்னடம் எல்லாம் ஒரே வாக்கியத்தில் புரள, அது பாதியில் கைகழுவிவிடும். மணிமேகலை அந்தக் குப்பையைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து கேட்பாள். பேசுபவர் பெயர், பக்கத்தில் இரட்டைப் புள்ளி, அப்புறம் பேச்சு. "இதையும் இதையும் கூட்டுனா" என்று வாத்தியார் சொன்னால், எதையும் எதையும் என்று போர்டுப் படத்தைப் பார்த்து நிரப்புவாள். புரியாத இடத்தில் 'புரியவில்லை' என்று நேரத்தோடு போடுவாள், ஊகித்து எழுதுவதில்லை. சத்தங்கள் அடைப்புக்குறிக்குள். அதிலும் வகுப்புக்குச் சம்பந்தப்பட்டவை மட்டும்: மணி, சிரிப்பு, கரண்ட் போனது. மின்விசிறியும் லாரி ஹாரனும் வேண்டாம், அதற்காக வாத்தியார் பேச்சை நிறுத்தினாலொழிய.

இந்தக் கடைசி விதியால்தான் அந்தச் சத்தத்தை அவள் வெகுநாள் எழுதவில்லை.

எல்லாப் பதிவிலும் அது இருந்தது. ஒரு முனகல். தொடங்கும், நீளும், நிற்கும். மின்விசிறி என்று நினைத்தாள். மின்விசிறி மூச்சு வாங்குமா? பட்டப்பகலில், நைட் ஷிப்ட் முடித்துப் பரமசிவம் உள்ளே தூங்க, ஜன்னலில் போர்வை கட்டிய அரை இருட்டில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பாள். முனகல் காதுக்குள் இல்லை, தோளுக்குப் பின்னால் இருக்கிறது என்று தோன்றும். ஹெட்போனைக் கழற்றினால் நின்றுவிடும். பிரிட்ஜைத் தொட்டுப் பார்த்தாள். புருஷன் குறட்டையைக் குனிந்து கேட்டாள். அவர் கண்ணைத் திறந்து, "என்னத்தப் பாக்க?" என்றார். "உசுரு இருக்கான்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். பயம்தான். வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

அந்த வாரம் காவேரியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "அக்கா, நீங்க சிரிப்புன்னு போடற இடத்துல எல்லாம் முந்தின வரியில சிரிக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. நானும் தேடித் தேடிப் பாக்கறேன். எதுக்குச் சிரிக்கறாங்க? என்னைப் பாத்தா?"

"தெரியலம்மா. கேட்டுப் பாத்துச் சொல்லுதேன்" என்று பதில் போட்டாள். ஆனால் பழைய பதிவுகளைத் திறக்கவில்லை. அடுத்த வகுப்பின் பதிவு வந்துவிட்டது.

அது ஆய்வக வகுப்பு. திருமலை சார் டிரான்ஸ்பார்மரைக் காட்டி நடத்திக்கொண்டிருந்தார். அந்தக் குரலை மணிமேகலைக்குப் பிடிக்கும், அவசரப்படாது. "ஆன் பண்றேன். இப்ப ஒரு சத்தம் வருது பாருங்க, இதுக்குப் பேருதான் ஹம்மிங். உள்ளார இருக்கற இரும்புக் கோர், காந்தம் மாற மாற துளியூண்டு நீளுது, சுருங்குது. நம்ம சப்ளை அம்பது சைக்கிள். சத்தம் அதுக்கு டபுள், நூறு." பாடமே சத்தம்தான். மணிமேகலை கவனமாக எழுதினாள்: [டிரான்ஸ்பார்மர் முனகல், ஒரே சீராக].

"ஆஃப் பண்ணிட்டேன்" என்றார் சார். சுவிட்ச் டக்கென்றது.

முனகல் நிற்கவில்லை.

மணிமேகலையின் கை விசைப்பலகை மேலேயே நின்றது. கரண்ட் இல்லாத இயந்திரம் முனகுகிறது. நீண்டு, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்கியது. பிறகு ஹரீஷ்குமாரின் குரல்: "சார், இன்னும் ஆஃப் ஆகல சார்." வகுப்பே சிரித்தது. "சும்மா இருங்கடா" என்றார் சார், அதட்டாமல். அப்போதும் முனகல் போய்க்கொண்டுதான் இருந்தது, சிரிப்புக்கு நடுவில், போனுக்கு வெகு அருகில்.

போன் யார் மேஜையில் இருக்கிறது?

மணிமேகலைக்கு உடம்பு கூசியது. காது கேட்காத பெண் என்றால் சத்தமே இல்லாத பெண் என்று அவள் மனசு முதல் நாளே முடிவு கட்டிவிட்டது. பேயைச் சந்தேகித்தாள், பிரிட்ஜைச் சந்தேகித்தாள், காவேரியை மட்டும் நினைக்கவில்லை. அந்தப் பெண் பெயரில் ஒரு நோட்ஸிலும் ஒரு வரி கிடையாது.

திருமலை சாருக்குப் போன் போட்டாள். முனகலைப் பற்றிக் கேட்டாள்.

"அது காவேரிதாங்க. ஏதாச்சும் கவனமா பாத்தா அப்படித்தான் சத்தம் வருது. அவளுக்கே தெரியாது. அவங்க அப்பா சேக்க வந்தப்பவே சொல்லிட்டுப் போயிட்டாரு, அதை மட்டும் புள்ளகிட்ட சொல்லிராதீங்கன்னு. நீங்களும் எழுதாதீங்க. பாவம், கூச்சப்படுவா."

"அந்த ரூம்புல எல்லாருக்கும் தெரியுது சார். அவளுக்கு மட்டும் தெரியல. பெறகு எதுக்கு நான் எழுதுதேன்?"

"உங்க இஷ்டங்க" என்று வைத்துவிட்டார்.

அன்றைக்கு அவள் சமைக்கவில்லை. சிரிப்பு என்று மட்டும் போட்டு அனுப்பலாம். ஹரீஷ்குமார் சொன்னதை விட்டுவிடலாம். அவன் முணுமுணுப்பையெல்லாம் விடாமல் எழுதியவள், இதை விட்டால் அது பொய்க்கணக்குதானே. எழுதினால் அந்தப் பெண் வாயை இறுக மூடிக்கொண்டு உட்காருவாள். தன் பெண்ணாக இருந்தால் என்ன செய்வோம் என்று யோசித்தாள். கடைசியில் எழுதினாள்.

*திருமலை: ஆஃப் பண்ணிட்டேன்.*
*[முனகல் தொடர்கிறது. காவேரியிடமிருந்து.]*
*ஹரீஷ்குமார்: சார், இன்னும் ஆஃப் ஆகல சார்.*
*[சிரிப்பு]*

கூடவே ஒரு குறிப்பும் வைத்தாள்: "நீ கேட்டதுக்குப் பதில் இதுதாம்மா. எல்லாப் பதிவிலயும் இருக்கு. நான்தான் எழுதாம விட்டேன். மன்னிச்சுக்கோ." அனுப்பிய பின் இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

அடுத்து வந்த பதிவுகளில் முனகல் இல்லை. சார் பேச்சு, பேனாத் தட்டல், மணி. நோட்ஸ் சுத்தமாக இருந்தது. சிரிப்பும் இல்லை. மணிமேகலைக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. முன்பு அந்தச் சத்தம் தொடங்கும்போது பயந்தாள். இப்போது அது தொடங்க வேண்டிய இடம் வரும்போதெல்லாம் ஒலியைக் கூட்டி வைத்துக் காத்திருந்தாள். பல்லை அழுத்திப் பிடித்த ஒரு மூச்சு மட்டும் போன் அருகில் வந்து வந்து போனது.

பிறகு தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. காவேரியின் அப்பா முனிவேல்.

"ஏம்மா, நீங்கதானே எழுதிக் குடுத்தது? ராகி முத்தி நிக்குது. சாயங்காலமானா காட்டுலேர்ந்து யானை எறங்குது. லீவுக்கு வந்தா புள்ளையும் காவலுக்கு வரும், இப்பவும் வந்திருக்கு. கூப்பிட்டா கேக்காது. பயிருக்குள்ள குந்திட்டா ஆளு தெரியாது. அந்தச் சத்தத்தை வெச்சுத்தாம்மா அவ எங்க இருக்கான்னு நான் கண்டுபுடிப்பேன். நேத்து யானை ஓரத்துல நிக்குது, புள்ளகிட்ட ஒரு சத்தம் இல்ல. நான் தேடாத எடமில்ல." அவர் குரல் உடைந்தது. "தெரிஞ்சா நிறுத்திருவான்னுதான் யாரையும் சொல்ல விடல."

மணிமேகலை என்ன சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை. தப்பு பண்ணிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். போனை வைத்ததும் காவேரிக்கு எழுதினாள். அப்பா சொன்னது முழுவதையும், ஒரு சொல் விடாமல், அவர் குரல் உடைந்த இடத்தையும் அடைப்புக்குறிக்குள் போட்டு அனுப்பினாள்.

பதிலுக்கு, மறுநாள் ஒரு பதிவு வந்தது. "இதையும் எழுதித் தாங்க அக்கா."

வகுப்பறை அல்ல. காற்று. ராகித் தாள் உரசும் சத்தம். தூரத்தில் யாரோ தகரம் தட்டுகிறார்கள். முனிவேல் கூப்பிடுகிறார், "காவேரீ." அது அவளுக்குக் கேட்காது, ஆனாலும் அந்த முனகல் வந்தது, இம்முறை வேண்டுமென்றே, நெஞ்சு நிறைய. காலடிகள் நெருங்கின. "இங்கதான் இருக்கியா" என்ற மூச்சு. மணிமேகலைக்குக் கண் நிறைந்தது. பதிவை நிறுத்தப் போனாள்.

அப்போதுதான் அது கேட்டது. கேட்டது என்றும் சொல்ல முடியாது. காவேரியின் முனகலுக்கு அடியில், அதைவிடக் கனமாக, ஹெட்போன் காதில் அதிர்ந்தது. காவேரி நிறுத்தினாள். அது நிற்கவில்லை. காவேரி மறுபடி தொடங்கினாள். இப்போது அது நின்று, அவள் முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு தொடங்கியது. உள்ளே பரமசிவம் புரண்டு படுத்ததற்கே மணிமேகலை தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள்.

விதிப்படி எழுதினாள்: *[காவேரியின் முனகல். அதற்கடியில் இன்னொரு முனகல். யாருடையது என்று தெரியவில்லை.]*

பதில் உடனே வந்தது. "யானை அக்கா. அது எனக்குக் கேக்காது, நெஞ்சுல அதிரும். சின்ன வயசிலேர்ந்து தெரியும். ஊர்ல அது ஒண்ணுதான் எங்கிட்டப் பேசுதுன்னு நெனச்சுட்டு இருந்தேன். நானும் பதில் சொல்லிட்டேதான் இருந்திருக்கேன்னு நீங்க எழுதித்தான் தெரிஞ்சுது. அடைப்புக்குறிய எடுத்துட்டுப் பேர் போட்டு எழுதுங்க."

மணிமேகலை அடைப்புக்குறிகளை அழித்துவிட்டு, பேசுபவர் பெயரும் பக்கத்தில் இரட்டைப் புள்ளியுமாகத் திருத்தினாள்.

*முனிவேல்: காவேரீ.*
*காவேரி: ம்ம்ம்ம்.*
*யானை: ம்ம்ம்ம்.*