மூன்று மாதிரிகளில் அடங்காத விடுப்பு

காப்பீட்டு அலுவலகத்தின் கடிதப் பிரிவில் அவரை எல்லோரும் ‘வாசகம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வழியனுப்பு அட்டை எழுதுவது அவர் வேலை இல்லை. யாரும் கேட்காமலே எடுத்துக்கொண்ட பதவி. மேஜை இழுப்பறையில் மூன்று மாதிரிகள் வைத்திருந்தார்: ஓய்வு பெறுகிறவருக்கு ஒன்று, மாற்றலாகிப் போகிறவருக்கு ஒன்று, இறந்தவருக்கு ஒன்று. பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும். இருபத்திரண்டு வருஷமாகப் புகார் வந்ததில்லை. மூன்றாம் வகையினருக்கு அதற்கு வசதியும் இல்லை.

அவருக்கு எதிர் மேஜை, சரிபார்க்கும் அம்மாள். பட்டப்பெயர் ‘சிவப்பு மை’. வாசகம் எழுதிய எந்தக் கடிதமும் அந்தப் பேனாவிடம் அடி வாங்காமல் வெளியே போனதில்லை. அவர் இந்தப் பிரிவுக்கு வந்த பதினோரு வருஷமாக இருவரும் பேசிக்கொண்டது ஓரக்குறிப்புகளில்தான்.

அந்த அம்மாளின் அக்கா பக்கவாதம் வந்து வேறு ஊரில் படுத்துவிட்டார். பார்க்க வேறு ஆள் இல்லை. ஒரு வருஷம் சம்பளமில்லா விடுப்பு கேட்டார், தலைமையகம் கொடுத்தது. தேவைப்பட்டால் நீட்டிக்கலாம், அதுவரை இடம் அவருடையதே என்று உத்தரவில் இருந்தது.

மேனேஜரிடம் அந்த நாற்காலிக்கு வேறு ஆள் தயார். வாசகத்தை அறைக்குள் கூப்பிட்டார்.

“பதினெட்டு வருஷம் உழைச்சவங்க. நல்லா பெரிய அட்டையா போடுங்க. ‘விடைபெறுகிறார்’னு எழுதுங்க. போட்டோ எடுத்து, இடம் காலின்னு தலைமையகத்துக்கு ஒரு கடிதத்தோட அனுப்பணும்.”

வாசகத்துக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. முதல் மாதிரியை எடுத்து, மூன்றாவதிலிருந்து ‘ஈடு செய்ய இயலாத வெற்றிடம்’ என்பதையும் கடன் வாங்கி ஒட்டினார். அக்காவின் நோயையும் சேர்த்தார், உருக்கத்துக்காக. கடைசியில் ‘விரைவில் திரும்பி வருக’.

மத்தியானம் அட்டை அவர் மேஜைக்கே திரும்பி வந்தது, சிவப்பு சிவப்பாக. பின்னாலேயே அந்த அம்மாளும்.

“நான் செத்துட்டேனா சார்?”

“மரியாதையா எழுதியிருக்கேன், மேடம்.”

“வெற்றிடம்னா காலி இடம். காலின்னு நீங்களே எழுதித் தர்றீங்க, முப்பது பேர் கையெழுத்து வேற. நாளைக்கு நான் வந்து நின்னா, ‘அன்னைக்கே வழியனுப்பிட்டோமே’ம்பாங்க.”

“சரி, அதை எடுத்துடறேன்.”

“எங்க அக்கா உடம்பு இந்த அட்டைக்கு எதுக்கு? அதையும் எடுங்க. அப்புறம் இந்த ‘விரைவில்’. நான் விரைவில் வரணும்னா அக்கா ஒண்ணு எழுந்து நடக்கணும், இல்ல போய்ச் சேரணும். நடக்க மாட்டாங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீங்க எதுக்கு வாழ்த்துறீங்க?”

வாசகம் பேனாவை எடுத்து அந்த ‘விரைவில்’ மேல் தானே ஒரு கோடு போட்டார்.

“விடுங்க, உங்க மேல தப்பில்ல. இது மேனேஜர் வார்த்தை. நீங்க கையெழுத்து அழகா உள்ள ஆளு, அவ்வளவுதான்.”

இதற்குக் கன்னத்தில் அறைந்திருக்கலாம். வாசகத்தின் முகம் காது மடல் வரை சிவந்தது. புது அட்டை ஒன்றை உருவினார்.

“உட்காருங்க மேடம். உங்களைப் பாராட்ட மாட்டேன், சொல்லிட்டேன்.”

“கேட்டேனா?”

மாதிரி இல்லாமல் அவர் எழுதிய முதல் அட்டை அது. மூன்று தாள் கிழிந்தது. ‘எப்போது வருவார்’ என்று எழுத வந்த இடத்தில் பேனா நின்றது. தெரியாததைத் தெரியாது என்றே எழுதினார். கடைசியில் இவ்வளவுதான் மிஞ்சியது:

‘மூன்றாம் தேதி முதல் விடுப்பில் செல்கிறார். திரும்பும் நாள் இப்போது தெரியாது. அதை அவரே சொல்வார். நாங்கள் கேட்டு நச்சரிக்க மாட்டோம். அதுவரை அவர் கோப்புகளை எதிர் மேஜைக்காரர் பார்ப்பார். இந்த மேஜை அவருடையது.’

சிவப்புப் பேனா அட்டையின் மேல் மெதுவாக ஊர்ந்தது. எங்கும் இறங்கவில்லை.

“இருபத்திரண்டு வருஷத்துல உருப்படியா ஒண்ணு,” என்று அந்த அம்மாள் பேனா மூடியைப் போட்டார்.

“உங்க கோப்பு எத்தனை?”

“இருநூத்திப் பத்து. தலையெழுத்துன்னு நினைச்சுக்கோங்க.”

வாழ்த்து அட்டையை எந்த மேனேஜர் படித்திருக்கிறார்? கேக் வெட்டும் அவசரத்தில் முப்பது பேருக்குக் கீழே பெரிதாகக் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். போட்டோ எடுக்கக் கேமராவைத் தூக்கியபோதுதான் கண்ணில் பட்டது.

“என்னய்யா இது, ‘விடைபெறுகிறார்’ எங்கே?”

“இடம் பத்தலை சார்,” என்றார் வாசகம்.

அந்த அம்மாள் நன்றி சொல்லவில்லை. அட்டையை வீட்டுக்கும் எடுத்துப் போகவில்லை. தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை புதியவர் ஒருவர் வந்து அந்த நாற்காலியை இழுத்தார். “மேனேஜர் உட்காரச் சொன்னாரு.”

கழுத்தளவு கோப்புக்குப் பின்னால் அந்த அம்மாளை வைதுகொண்டிருந்த வாசகம் தலையை நிமிர்த்தவில்லை.

“கண்ணாடிக்கு அடியில இருக்கறதைப் படிங்க. கீழே யார் கையெழுத்துன்னும் பாருங்க. அப்புறம் உட்காருங்க.”

புதியவர் படித்தார். நாற்காலியை இருந்த இடத்துக்கே தள்ளிவிட்டு மேனேஜர் அறைப் பக்கம் நடந்தார்.